வேலை தொடங்கும் நாள் மின்னஞ்சல்

இன்று காலை ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவருக்கு, இணையதள வேலை தொடங்குவதற்கான மின்னஞ்சல் அனுப்பினேன். அதிக நேரம் எடுத்தது ஒரே வரிதான்: "ஐயா, வடிவமைப்புக்கு இறுதி ஒப்புதல் தருபவர் உங்கள் மகன், பணம் பற்றிப் பேச வேண்டியவர் மேலாளர். சரிதானே?"

போன வருடம் வேறொரு வேலையில் இதை எழுதாமல் விட்டேன். தம்பி சரி சொன்ன முகப்புப் பக்கத்தை, அண்ணன் மூன்றாவது வாரம் பார்த்துவிட்டு முழுக்க மாற்றச் சொன்னார். செய்ததெல்லாம் வீண்.

இலக்கையும் "விற்பனை கூடணும்" என்று விடவில்லை. மொத்த வியாபாரிகள் இப்போது போனில் கேட்கும் விலைப்பட்டியலை அவர்களே தளத்தில் பார்க்க வேண்டும். ஆன்லைனில் பணம் கட்டும் வசதி இந்தக் கட்டத்தில் கிடையாது என்பதையும் சேர்த்தேன்.

செவ்வாய்தோறும் காலை 11 மணிக்கு அரை மணி நேரப் பேச்சு. முகப்பு, விலைப்பட்டியல் இரண்டின் மாதிரியும் 10 நாளில். ஆனால் அந்த 10 நாள், 40 துணிகளின் படமும் விலையும் என் கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும். வெறும் தேதியை எழுதினால், படம் தாமதமானாலும் பழி நம் மேல்தான்.

அப்புறம், "தவறு இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள்" என்று முடித்தேன். மதியமே பதில் வந்தது. ஒப்புதல் தரப்போவது மகன் இல்லையாம், மருமகளாம்.