பாவை சொன்ன திசை

எழுபதுகளின் இறுதியில் நம் சென்னைப் பொது மருத்துவமனையில், தலையில் அடிபட்டு வருபவருக்கு நினைத்தவுடன் ஸ்கேன் எடுத்துவிட முடியாது. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் தொடங்கிய நரம்பியல் அறுவைப் பிரிவில் எங்களுக்கு முதலில் கற்பித்தது, டார்ச்சு விளக்கைக் கொண்டு கண்பாவையைப் படிக்கும் முறையைத்தான்.

ஒரு கண்ணில் ஒளி விழுந்தால், செய்தி பார்வை நரம்பு வழியாக நடுமூளையை அடைந்து, அங்கே இரு பக்கத்து எடிங்கர்-வெஸ்ட்பால் கருக்கள் எனும் நரம்புச் செல் தொகுதிகளுக்கும் பிரிந்து செல்கிறது. அங்கிருந்து மூன்றாம் கபால நரம்பு அதைக் கண்ணுக்குள் கொண்டுவர, இரண்டு பாவைகளும் ஒருசேரச் சுருங்குகின்றன. உள்ளே செல்லும் வழி, வெளியே வரும் வழி என்ற இந்தப் பிரிவினை விளங்கிவிட்டால் மற்றவை தாமே விளங்கும்.

அண்ணா சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த இளைஞர் ஒருவரை ஓர் இரவில் அழைத்து வந்தார்கள். இடது பொட்டில் அடி. வந்தபோது பெயரும் ஊரும் தெளிவாகச் சொன்னவர், சிறிது நேரத்தில் அரைமயக்கத்தில் ஆழ்ந்தார். இடது பாவை விரிந்திருந்தது. இடக்கண்ணில் ஒளி காட்டியபோது அது சுருங்கவில்லை. ஆனால் வலது பாவை உடனே சுருங்கியது. ஆகவே இடது பார்வை நரம்பு செய்தியை ஒழுங்காகக் கொண்டு சென்றிருக்கிறது; பழுது வெளியே வரும் இடது மூன்றாம் நரம்பில் என்பது உறுதியாயிற்று. பார்வை நரம்பு அறுந்திருந்தால், இடக்கண்ணில் காட்டும் ஒளிக்கு இரண்டுமே அசையாது, வலக்கண்ணில் காட்டும் ஒளிக்கு இரண்டும் சுருங்கும். சாதாரண வெளிச்சத்தில் இரு பாவைகளும் ஒரே அளவில்தான் இருக்கும். பார்வை நரம்புப் பழுது தனியாகப் பாவைகளைச் சமமற்றதாக்குவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பொட்டெலும்பின் உட்புறத் தமனி கிழிந்து இரத்தம் தேங்கும்போது, மூளையின் பொட்டுமடலின் உள்விளிம்பு கீழே பிதுங்கி மூன்றாம் நரம்பை நசுக்குகிறது. பாவையைச் சுருக்கும் இழைகள் அந்நரம்பின் வெளிப்பரப்பில் ஓடுவதால் அவையே முதலில் நலிகின்றன. நீரிழிவில் நரம்பின் உட்பகுதிக்கு இரத்தம் குறையும்போது, இமை தொங்கினாலும் பாவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். இரண்டாவது பாவையும் விரிந்து அசைவற்றுப்போனால் நடுமூளையே நசுங்குகிறது என்று பொருள். அதற்குள் மண்டையைத் திறந்தாக வேண்டும். அந்த இளைஞருக்கு இடப்புறத்தைத் திறந்து இரத்தக்கட்டியை அகற்றினார்கள்; அவர் பிழைத்தார்.

இருப்பினும் பாவையை மட்டும் நம்பிவிடலாகாது. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பிறவியியல்பாகவே 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வேறுபாடு இருக்கும். அவர்களுக்கு இரண்டும் ஒளிக்கு நன்றாகச் சுருங்கும். விரிவாக்கும் சொட்டு மருந்தும், கண்ணிலேயே பட்ட அடியும் பாவையை அசையாமல் செய்யும். நல்ல நினைவோடு நடமாடுபவரின் ஒரு பாவை விரிந்திருந்தால், மூளை பிதுங்கிவிட்டது என்று அஞ்சுவதைவிட இவற்றை முதலில் விசாரிப்பது சரி. ஆனால் அவருக்குத் திடீர்த் தலைவலியும் தொங்கும் இமையும் சேர்ந்திருந்தால், மூன்றாம் நரம்பை ஒட்டிய தமனியில் வீக்கம் இருக்கக்கூடும். அவரை அன்றே நரம்பியல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.