12 பேரா, 24 பேரா: மொத்த உற்பத்தித் திட்டமிடல் வினாவில் நான் இழந்த புள்ளிகள்

வவுனியாவில் முகாமைத்துவம் படித்த காலத்தில் உற்பத்தி முகாமைத்துவப் பாடத்தை இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை என்னை விழுத்தியது மொத்த உற்பத்தித் திட்டமிடல் வினா. மாதந்தோறும் மாறும் கேள்விக்கு எத்தனை ஆட்களோடு, எவ்வளவு கையிருப்போடு மலிவாக ஈடுகொடுக்கலாம் என்று கேட்பது அது. கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் தவிர அதில் வேறு கணிதம் இல்லை. எந்தச் செலவை எண்ணுவது, கணக்கை எங்கே மூடுவது என்ற இரண்டிலும்தான் பிழைவிட்டேன்.

மறுமுறை படித்தபோது, கிளிநொச்சியில் புத்தகப்பை தைக்கும் ஒரு சிறு பட்டறையை மனதில் வைத்துக் கணக்கை நானே கட்டினேன். ஜனவரியில் பாடசாலை தொடங்குவதை நம்பிய தொழில் என்பதால் ஆண்டின் கடைசி மாதங்களில் பைகளுக்கான கேள்வி ஏறிக்கொண்டே போகும். ஜூலையில் 400 பைகள், ஓகஸ்டில் 600, செப்டெம்பரில் 800, ஒக்டோபரில் 1,200, நவம்பரில் 1,800, டிசம்பரில் 2,400 என்று வைத்தேன். மொத்தம் 7,200. ஒருவர் நாளுக்கு 4 பைகள் வீதம் 25 நாட்களில் 100 பைகள் தைப்பார். ஜூலைக்கு முன் பட்டறையில் 12 பேர், கையிருப்பு எதுவும் இல்லை.

சம அளவு உற்பத்தி என்றால் அந்த 12 பேரும் மாதம் 1,200 பைகள் தைத்துக்கொண்டே இருப்பார்கள். முதல் மாதங்களில் விற்காத பைகள் அடுக்கப்படும். மாத முடிவில் இருப்பு 800, 1,400, 1,800, 1,800, 1,200, கடைசியில் பூச்சியம். இவற்றைக் கூட்டினால் 7,000. ஒரு பையை ஒரு மாதம் வைத்திருக்க 30 ரூபா என்றால் செலவு 2,10,000 ரூபா.

அந்த 30 ரூபா எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்பதில்லை. பை ஒன்றில் 1,500 ரூபா முடங்கியிருக்கிறது, கடன் வட்டி ஆண்டுக்கு 18 வீதம் என்று கொண்டால் மாதத்துக்கு 22 ரூபா 50 சதம் வட்டிக்கே போய்விடும். மிச்சம் 7 ரூபா 50 சதம் அறை வாடகைக்கும் பழுதுக்கும். வன்னியில் பழுதைச் சிறிதாக எண்ண முடியாது. இருப்பு உச்சத்தில் நிற்கும் ஒக்டோபரில்தான் மாரி மழை தொடங்குகிறது. ஈரம் ஏறினால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும், சிப் துருப்பிடிக்கும்.

கேள்வியைப் பின்தொடரும் முறையில் இருப்பே இல்லை. மாதந்தோறும் தேவைப்படுபவர்கள் 4, 6, 8, 12, 18, 24 பேர். ஜூலையில் 8 பேரை நிறுத்த வேண்டும். பிறகு 2, 2, 4, 6, 6 என்று 20 பேரை எடுக்க வேண்டும். ஒருவரை எடுத்துப் பழக்க 8,000 ரூபா, நிறுத்த 5,000 ரூபா என்று வைத்தால், எடுக்கும் செலவு 1,60,000, நிறுத்தும் செலவு 40,000, மொத்தம் 2,00,000 ரூபா. முதல் தடவை நான் இதே போன்ற கணக்கை இந்த இடத்தில் நிறுத்தி, பின்தொடரும் முறையே மலிவு என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

டிசம்பர் முடிவில் அங்கே 24 பேர் நிற்கிறார்கள் என்பதை நான் பார்க்கவே இல்லை. சம அளவு முறை 12 பேரோடு தொடங்கி 12 பேரோடு முடிகிறது. மற்றது 12 பேரோடு தொடங்கி 24 பேரோடு முடிகிறது. ஒரே ஆட்பலத்தில் முடியாத இரண்டு திட்டங்களை அப்படியே ஒப்பிட முடியாது. ஜனவரியில் அந்த மேலதிக 12 பேரையும் நிறுத்த 60,000 ரூபா சேர்த்தால் செலவு 2,60,000 ஆகிறது, முடிவு தலைகீழாகிறது. வினாத்தாளில் இறுதி ஆட்பலம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் எடுகோளை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

சம்பளத்தை ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பது இன்னொரு பிழை. 12 பேர் 6 மாதம் என்றால் 72 ஆள்மாதங்கள். 4, 6, 8, 12, 18, 24 என்பவற்றைக் கூட்டினாலும் அதே 72. இரண்டு பக்கமும் சமமான செலவு ஒப்பீட்டில் அடிபட்டுப் போகும். மேலதிக நேரக் கொடுப்பனவு வந்தால் இந்தச் சமநிலை குலையும்.

இரண்டும் வேண்டாம் என்று கலப்பு முறை எழுதுபவர்களும் உண்டு. முதல் மூன்று மாதம் 8 பேர், அடுத்த மூன்று மாதம் 16 பேர் என்று போட்டேன். மாத முடிவு இருப்பு 400, 600, 600, 1,000, 800, பூச்சியம். கூட்டினால் 3,400, அதற்கு 1,02,000 ரூபா. தொடக்கத்தில் 4 பேரை நிறுத்த 20,000, ஒக்டோபரில் 8 பேரை எடுக்க 64,000, முடிவில் 4 பேரை நிறுத்த 20,000. மொத்தம் 2,06,000 ரூபா. சம அளவு முறையை விட 4,000 ரூபா குறைவு. கடதாசியில் இதுதான் வெற்றி.

நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் தையல் நிலையம் நடத்தும் அக்கா ஒருவரிடம் இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒக்டோபர் என்ற இடத்தில் விரலை வைத்தார். "தம்பி, அந்த மாதம் காலபோக விதைப்புத் தொடங்கிவிடும். அப்போது 8 பேரை எங்கே பிடிப்பீர்கள்? வந்தாலும் முதல் மாதம் அவர்கள் 60 பைக்கு மேல் தைக்க மாட்டார்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த 60ஐப் போட்டுப் பார்த்தேன். 8 பேரும் முதல் மாதம் ஆளுக்கு 40 குறைவாகத் தைத்தால் 320 பைகள் குறையும். இருப்பு ஒக்டோபரில் 680, நவம்பரில் 480, டிசம்பரில் 320 பைகள் தட்டுப்பாடு. மிச்சம் பிடித்த 4,000 ரூபா, பை கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பும் 320 பெற்றோருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பின்தொடரும் முறையில் 20 பேர் புதிதாக வருவதால் குறைவது 800 பைகள்.

சட்டமும் உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்திருக்கும் தொழில்தருநர் ஒருவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்த, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெற வேண்டும். குறுகிய காலமே வேலை செய்தவர்களுக்கும் சிறிய பட்டறைகளுக்கும் விலக்கு உண்டு. பட்டறை பெரிதானால் 5,000 ரூபாவுக்கு ஒருவரை நிறுத்தலாம் என்ற எடுகோள் நிற்காது.

இவ்வளவும் சம அளவு முறையின் பக்கம் சாய்கிறது. ஆனால் அதன் பலவீனத்தையும் விடையில் எழுத வேண்டும். நல்ல புள்ளி அங்கேதான் கிடக்கிறது. 7,000 என்ற அந்தக் கூட்டுத்தொகை எதிர்வுகூறல் சரியாக இருந்தால் மட்டுமே உண்மை. டிசம்பரில் 2,400க்குப் பதில் 1,800 பைகள்தான் விற்றால், 600 பைகளில் 9,00,000 ரூபா அடுத்த பருவம்வரை முடங்கும். இரண்டு முறைகளுக்கும் இடையே இருந்த 50,000 ரூபா வித்தியாசத்தை இது விழுங்கிவிடும். பின்தொடர்பவர் நவம்பர் விற்பனையைப் பார்த்துவிட்டு டிசம்பருக்கு ஆள் எடுப்பதைக் குறைக்கலாம்.

இதற்கும் அந்த அக்காவிடம் வழி இருந்தது. மொத்தத் திட்டத்தில் நாம் எண்ணுவது வெறும் "பை". நிறமும் படமும் அதில் இல்லை. ஜூலை தொடக்கம் செப்டெம்பர்வரை எந்த ஆண்டும் விற்கக்கூடிய ஒற்றை நிறப் பைகளை மட்டும் தைத்து அடுக்குவார். பிள்ளைகள் அந்தந்த ஆண்டு கேட்கும் படம் போட்ட பைகளை நவம்பரில்தான் வெட்டத் தொடங்குவார். இரண்டாம் தடவை விடையின் கடைசிப் பந்தியில் இதைத்தான் எழுதினேன்.