பதக்கத்தை ஒரு வரியில் முடியுங்கள், கணக்கை எழுதுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான கொமன் அப் விண்ணப்பத்தில் பரிசுகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஐந்து வரை போடலாம். கணித ஒலிம்பியாட் பதக்கத்துக்கு அங்கே ஒரு வரி போதும். அதே விண்ணப்பத்தின் 650 சொல் கட்டுரையில் அதையே திரும்பச் சொன்னால், வாசிப்பவருக்குப் புதிதாக எதுவும் தெரியவராது.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவன், உயர்தரம் எழுதிவிட்டுக் கட்டுரையோடு வந்தான். “கடும் போட்டியில் வெண்கலம் வென்றேன், விடாமுயற்சியைக் கற்றேன்” என்று இருந்தது. நீச்சலில் வென்றவரும் இதே வரியை எழுதலாம். “சரி, பயிற்சியில் உன்னைத் தூங்கவிடாத ஒரு கணக்கைச் சொல்லு” என்றேன்.

அவன் சொன்னது இது. பலகையில் 1 முதல் 10 வரை எண்கள். ஏதாவது இரண்டை அழித்து, பெரியதில் சிறியதைக் கழித்து வருவதை எழுத வேண்டும். இப்படியே தொடர்ந்தால், கடைசியில் மிஞ்சும் ஒரே எண் 0 ஆகுமா?

“முதல்ல என்ன செய்தாய்?”

“சும்மா கழிச்சுக் கழிச்சுப் பார்த்தேன் அண்ணா. 0 வரவே இல்லை. பிறகு சின்னதாக்கினேன். 1 முதல் 3 வரை எடுத்தால் 0 வந்தது, 4 வரை எடுத்தாலும் வந்தது. 5, 6-க்கு வரவில்லை. 7, 8-க்குத் திரும்ப வந்தது.”

கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒழுங்கு ஏன் வருகிறது என்று தேடியபோது, பலகையின் மொத்தக் கூட்டுத்தொகையை அவன் கவனித்திருக்கிறான். இரண்டு எண்களின் கூட்டலும் கழித்தலும் ஒன்றாகவே ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கும். அதனால் ஒவ்வொரு படியிலும் மொத்தத்தின் ஒற்றை இரட்டைத் தன்மை மாறாது. 1 முதல் 10 வரை கூட்டினால் 55, ஒற்றை எண். 0 இரட்டை எண். ஆகவே 0 வராது.

இன்னும் நல்ல இடம் ஒன்று இருந்தது. “மொத்தம் இரட்டையென்றால் 0 வந்தே தீருமா?” என்று கேட்டேன். ஒற்றையென்றால் வராது என்பதுதான் இதுவரை நிறுவியது. வரும் என்பதற்கு வழி காட்ட வேண்டும். அடுத்தடுத்த எண்களைச் சோடியாக்கினால் எல்லாம் 1 ஆகும், 8 வரை நான்கு ஒன்றுகள், அவை தமக்குள் கழிந்து 0. 7 வரைக்கும் 1-ஐத் தனியே விட்டு மற்றவற்றைச் சோடியாக்கினால் அதே நான்கு ஒன்றுகள். இந்த இடைவெளியைத் தானே கண்டு அடைத்ததாக எழுதும் மாணவரை, தேர்வாளர் மறக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் உண்மையாகவே நீங்கள் கண்டிருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். இன்னொருவர் கேட்டுத்தான் தெரிந்ததென்றால் அதையும் சொல்லுங்கள். நேர்முகத்தில் “12 வரை என்றால்?” என்று கேட்டால், உள்ளே இறங்கி யோசித்தவர்தான் தொடர்ந்து பேச முடியும்.

எழுதி முடித்ததும் பதக்கம் வரும் வரிகளை மறைத்துவிட்டு வாசியுங்கள். கட்டுரை நின்றால் சரி. அப்புறம் கணிதம் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். கணக்கு எது, எங்கே சிக்கினீர்கள், எது வழி திறந்தது என்ற மூன்றையும் அவர் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால், குறியீடுகளைக் குறைத்து, அந்தச் சிறிய எண்களில் செய்து பார்த்த பகுதியை இன்னும் விரித்து எழுதுங்கள்.