மீதி ஏழு ரூபாய்

இரண்டாம் வகுப்பில் கடை வைத்து விளையாடும்போது பொருள் வாங்குவதில் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. கல்லாவில் உட்கார்ந்து மீதி கொடுக்கிற பிள்ளைதான் திணறும்.

காலி சோப்பு டப்பா, பிஸ்கட் கவர், தீப்பெட்டி எல்லாம் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். ரூபாய் நோட்டுக்கு விளையாட்டு நோட்டு போதும். ஆனால் காசு நிஜக் காசாகவே இருக்கட்டும். 2011-ல் வந்த வரிசையில் இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், ஐந்து ரூபாயோ 23 மில்லிமீட்டர்தான். பெரிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நம்பும் பிள்ளை இங்கேதான் மாட்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்த பிளாஸ்டிக் காசில் அந்தக் குழப்பம் வெளியே வராது.

சோப்பு 13 ரூபாய், கொடுத்தது 20 ரூபாய் நோட்டு. இதைப் பலகையில் கழித்தலாகப் போட்டால் பலர் 13 என்றே விடை எழுதுவார்கள். பூஜ்ஜியத்திலிருந்து மூன்று போகாது, அதனால் மூன்றிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்துவிடுகிறார்கள். விலையும் 13, மீதியும் 13. இது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

கடைக்காரர் இப்படிக் கழிப்பதில்லை, விலையிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போகிறார். அதையே சொல்லிக்கொடுத்தேன். கல்லாவில் இருந்த சிறுமி ஒரு ரூபாயை வைத்து “பதிமூணு” என்றாள். அடுத்த காசுக்குப் “பதினாலு”, அதற்கடுத்ததற்குப் “பதினஞ்சு”. பிறகு ஐந்து ரூபாயை வைத்து “இருபது” என்று முடித்தாள். மொத்தம் எட்டு ரூபாய் கொடுத்துவிட்டாள். கொடுக்கும் மீதி எப்போதும் ஒரு ரூபாய் கூடுதலாகவே இருந்தால், விலையைச் சொல்லும்போதே முதல் காசையும் வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்கு விளக்கம் பலிக்கவில்லை, சோப்புதான் உதவியது. “முதல்ல சோப்பைக் கையில கொடு, பதிமூணுன்னு சொல்லு. சோப்புதான் பதிமூணு. அப்புறம் காசைத் தொடு” என்றேன். சோப்பு போனது. ஒரு ரூபாய், பதினாலு. இன்னொன்று, பதினஞ்சு. ஐந்து ரூபாய், இருபது. கொடுத்த காசைக் கூட்டச் சொன்னதும் ஏழு என்றாள்.

ஒருவன் வெறும் கையை நீட்டி “ஜிபே” என்று சொல்லிவிட்டு சோப்போடு நடந்தான். கடையில் நெட் இல்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

கல்லாவில் ஒரு ரூபாய்க் காசுகளை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தேன். வீட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பையன் அப்போது கல்லாவில் இருந்தான். “மூணு ரூபா சில்லறை குடு, பத்தா தரேன்” என்றான். “இருபது குடுத்தது பத்தாதா, இன்னும் மூணு எதுக்கு?” என்று வாங்க வந்தவள் சண்டைக்கு நின்றாள். அந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.