பொங்காலப்பாறைக்கு மேலே

அகத்தியர்கூடத்து உச்சியில் எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அம்புட்டுத் தூரம் ஏறிப் போயிட்டு, முனிவருக்குப் பக்கத்துல நிக்காம ஏன் எட்ட நிக்கே?" என்று அம்மாவே கேட்டுவிட்டாள். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை.

நான் பிறந்தது பாபநாசத்துக்குப் பக்கம். சித்திரை விசுவுக்கு அகத்தியருக்குச் சாமி கல்யாணக் கோலத்தில் காட்சி தருவதைப் பார்த்து வளர்ந்தவள். மழை விட்ட காலைகளில் மொட்டை மாடியில் நின்று, "அந்தா, அதுதான் முனிவர் இருக்க முடி" என்று ஆச்சி கை காட்டுவாள். தாமிரபரணி அங்கேதான் பிறக்கிறது. அந்த முடிக்கு எங்கள் பக்கத்திலிருந்து காரையாறு வழியாக முன்பு ஆட்கள் போவார்கள். புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் அந்தப் பாதையில் இப்போது விடுவதில்லை. கேரளத்து வனத்துறையிடம் அனுமதி வாங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து ஏறவேண்டும். முடியின் உயரம் 1,868 மீட்டர். முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடை, இரண்டாம் நாள் உச்சி, மூன்றாம் நாள் இறக்கம். எனக்கு நாற்பத்தாறு வயது. இதற்கு முன் நான் ஏறிய பெரிய மலை திருப்பரங்குன்றம்.

எங்கள் குழுவில் பத்துப் பேர். என் நாத்தனார், நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், மற்றவர்கள் எல்லாம் அன்றுதான் அறிமுகம். வழிகாட்டியாக வந்தவர் இந்த மலைக்காட்டுப் பழங்குடிகளான காணி இனத்துப் பெரியவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன், அவரும் அதற்கு என்னவென்று திரும்பினார்.

கரமனையாறு தாண்டும் வரை நிழல். ஓடைத் தண்ணீர், அட்டைக்கடி, யானை லத்தி, பேச்சு எல்லாமாகப் போய்விட்டது. அட்டையாறு கடந்த பிறகு புல்மேடு. தலைக்கு மேலே ஒரு கிளை கிடையாது. அங்கேதான் தவறு செய்தேன். தாகம் எடுக்க எடுக்க வெறும் தண்ணீராகக் குடித்தேன், சாப்பிட எதுவும் எடுக்கவில்லை. புல்மேட்டுக்கு அப்புறம் முட்டிடிச்சான் தேரி வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வந்து மோவாயில் இடிக்கும், அந்தப் பெயரே போதும். நூறு அடி ஏறியிருக்க மாட்டேன், இடது கெண்டைக்காலில் கல்லை வைத்துக் கட்டின மாதிரி ஓர் இறுக்கம். கத்திவிட்டேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணாச்சி இறங்கி வந்தார். காலைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்தார். நீலச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருந்தது. "உப்பெல்லாம் வெளிய வந்தாச்சு அம்மா. நீங்க தண்ணி மட்டும் உள்ள விட்டீங்க" என்றார். மடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார், உப்பில் ஊறின நெல்லிக்காய். இரண்டைக் கொடுத்து, விழுங்காமல் மெல்லச் சொன்னார். அதன் பிறகு ஒரு மடக்குத் தண்ணீர், ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு மடக்கு. காலை நீட்டச் சொல்லி, கட்டைவிரல் என் முழங்காலைப் பார்க்கிற மாதிரி பாதத்தை மெதுவாக மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டார். சதை தானாக நெகிழ்ந்தது. எண்ணெய் தேய்க்கவோ, அமுக்கிப் பிசையவோ விடவில்லை.

அதற்கு மேல் என்னை ஏற்றியவர்கள் எல்லாரும் சேர்ந்துதான். பையன்களில் ஒருவன் தன் பையை முதுகில் வைத்து என் பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டான். வேண்டாம் என்றதற்கு, "எங்க அம்மாவா இருந்தா குடுத்திருப்பாங்கல்ல" என்று ஒரே வார்த்தைதான். நாத்தனார் எனக்குப் பின்னால் வந்துகொண்டாள், வழுக்கினால் தன்மேல் விழட்டும் என்று. அண்ணாச்சி ஒரு கணக்குச் சொன்னார்: இருபது அடி, நிற்பது, மூச்சு மூக்கு வழியாக இறங்கும் வரை நிற்பது, மறுபடி இருபது அடி. உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கால் ஆறிப்போய் மறுபடி பிடிக்கும். வாத்தியார் அந்த இருபதை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. ஆனாலும் தேரி முடியும் வரை ஓர் எண்ணைக்கூட விடவில்லை. அண்ணாச்சியின் கால் விழுந்த இடத்திலேயே நானும் வைத்தேன். அவர் எட்டி வைப்பதே இல்லை. ஒரு பெரிய கல்லில் ஏறுவதற்குப் பதில் இரண்டு சின்னக் கல்லைத் தேடி வைக்கிறார், பாதம் முழுதும் பதிகிறது. எத்தனை வருஷத்து நடை அது!

அதிருமலையில் கஞ்சியும் பயறும் கிடைத்தது. உப்பைக் கூடுதலாகப் போட்டு இரண்டு தட்டுக் குடித்தேன். இருட்டின பிறகு குளிர் எலும்பில் ஏறியது. அண்ணாச்சியிடம் நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன், ஆரோக்கியப் பச்சை என்கிற செடி இங்கே இருக்கிறதா என்று. 1987 டிசம்பரில் இந்த மலைக்கு வந்த ஆராய்ச்சியாளர்கள், கூட வந்த காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். கொடுத்ததை வாங்கித் தின்றபோது தங்களுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை, அது காட்டோடு இருக்க வேண்டிய அறிவு. பிறகுதான் காட்டினார்கள். அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. மருந்துக்கான உரிமத் தொகையிலும் வருமானத்திலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்காக ஓர் அறக்கட்டளையும் வைத்தார்கள். அதில் எல்லாருக்கும் மனநிறைவு இல்லை என்பதையும் அண்ணாச்சி சொன்னார். "சொன்னது ரெண்டு மூணு பேரு. அறிவு எல்லாருக்கும் உள்ளது" என்றார்.

ஒரு பழம் கிடைக்குமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "இங்கே பறிக்கக் கூடாது அம்மா. எனக்கும்தான்." நாங்கள் பொதிகை மூலிகை, சித்த வைத்தியம், அகத்தியர் அருள் என்று எத்தனையோ பேசுகிறோம். அதைக் காலங்காலமாகக் கையில் வைத்துக் காத்தவர் கஞ்சித் தட்டோடு என் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் கேட்கத் தயங்கியதைக் கேட்டேன். இந்த மலைக்குப் பெண்கள் ஏறுவதற்கு இருந்த தடையை 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஜனவரியில் முதல் பெண் ஏறின அன்று காணி மக்கள் போனக்காட்டில் அமைதியாக உட்கார்ந்து எதிர்ப்பைச் சொன்னார்கள். பிரம்மச்சாரியாக இங்கே தவம் இருக்கும் குலதெய்வம் அவர்களுக்கு. நான் வந்தது உங்களுக்கு வருத்தமா என்றேன். கொஞ்ச நேரம் தீயைப் பார்த்தார். "எங்கம்மா ஒருநாளும் மேல வந்ததில்ல. கீழ நின்னே கும்பிடுவா. கோர்ட்டு சொல்லிச்சு, நீங்க வந்தீங்க. காட்டுக்குள்ள வந்தவங்களை நான் பத்திரமா கூட்டிட்டுப் போணும். அவ்வளவுதான்." குரலில் கோபம் இல்லை. ஆனால் வருத்தம் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஏற எனக்கு உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவருடைய அம்மாவையும் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஈத்தக்காட்டுக்குள் நடை. காடு குட்டையாகிக் குட்டையாகி, பாசி தொங்கும் மரங்கள் தலை தட்டுகிற உயரத்துக்கு வந்ததும் பொங்காலப்பாறை. பெயரே சொல்கிறது, இங்கே பொங்கல் வைத்து முனிவரைக் கும்பிட்டிருக்கிறார்கள். இப்போது பூசைச் சாமான் எதுவும் கொண்டுபோக முடியாது. மேலே தண்ணீர் இல்லை, இங்கேயே நிரப்பிக்கொண்டோம். அப்போது மூடுபனி இறங்கியது. அண்ணாச்சி பாறையில் உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தார், பின்பு முகர்ந்தார். "மழை வந்து பாறை நனைஞ்சா இதுக்கு மேல இல்ல. இங்கேயே கும்பிட்டுத் திரும்பணும்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. காத்திருந்த நேரத்தில் ஒவ்வொருவரிடமும் பேரையும் ஊரையும் கேட்டார். ஆள் கணக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

அரைமணியில் பனி விலகியது. பாறை காய்ந்தே இருந்தது. இதற்கு மேல்தான் கயிறு கட்டிய சரிவுகள். எல்லாரும் செய்கிற பிழையைத்தான் நானும் செய்தேன், பயத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டு முழங்காலை ஊன்றினேன். முழங்கால் ஊன்றினால் பிடிப்பே கிடைக்காது, வழுக்கும். "அம்மா, பாறையைக் கட்டிப் பிடிக்காதீங்க. கயித்தைப் பிடிச்சுப் பின்னாடி சாயுங்க. பாதம் முழுசும் பாறையில ஒட்டட்டும்" என்று மேலிருந்து குரல். பின்னால் சாய மனசு வரவில்லை. வாத்தியார் கீழிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார், ஒண்ணு, ரெண்டு. சாய்ந்தேன். பாதம் பிடித்தது! நம்ப முடியவில்லை, உடம்பு பாறையை விட்டு விலகினால்தான் பாதம் பாறையில் நிற்கிறது. மூன்றாவது கயிற்றில் என் கை தோல் உரிந்தது, நாத்தனார் தன் முந்தானைத் துண்டைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். "மைனி, இன்னும் கொஞ்சந்தான்" என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தாள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. திறந்த வானத்துக்குக் கீழே முனிவர் சிலை. மற்றவர்கள் முன்னால் போனார்கள். என் கால் ஏழெட்டு அடி முன்பே நின்றுவிட்டது. யாரும் தடுக்கவில்லை. அண்ணாச்சியின் அம்மா கும்பிட்ட தூரத்தில் கொஞ்சமாவது விட்டுவைக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவே. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கிருந்தே விழுந்து கும்பிட்டேன். அந்த நேரத்தில்தான் பையன் படம் எடுத்திருக்கிறான். கையில் துணி, சட்டையில் உப்புக்கோடு, பின்னால் கிழக்கே மேகம் கிழிந்த இடத்தில் எங்கள் பக்கத்து மலைச்சரிவு.

எல்லாரும் கும்பிட்டு ஒதுங்கிய பிறகு அண்ணாச்சி முனிவர் முன்னால் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு அவர் பாஷையில் ஏதோ சொன்னார். காற்றில் பாதி கேட்கவில்லை. நடுவில் பையன்கள் பேர் கேட்டது, ஊர் கேட்டது. பிறகு வாத்தியார், நாத்தனார். பொங்காலப்பாறையில் கேட்டு வைத்துக்கொண்ட பத்துப் பேரையும் ஒவ்வொன்றாக முனிவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக என் பேரைச் சொன்னார், பாபநாசம் என்று சேர்த்து.