இன்ஹேலர் வகுப்பும் மூன்றாம் நிலையும்: என் தீசிஸில் தடுக்கிய இடங்கள்

மருத்துவக் கல்வியியல் முதுகலைக்காக நான் எடுத்த தலைப்பு மிகச் சின்னது. ஆஸ்துமா நோயாளிக்கு இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுக்க, பயிற்சி மருத்துவர்களான சி.ஆர்.ஆர்.ஐ.களுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி. அதன் பலனை கிர்க்பாட்ரிக் நிலைகளால் அளப்பது. மூன்றாம் நிலை வரை போகிறோம் என்று புரோட்டோகாலில் பெருமையாக எழுதியிருந்தேன். போகவே இல்லை என்பது முதல் பிரசன்டேஷனிலேயே தெரிந்துபோனது.

நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் தொழில்துறைப் பயிற்சிகளுக்காக வகுத்தது இது. முதல் நிலை, வகுப்பு பிடித்ததா. இரண்டாவது, கற்றார்களா. மூன்றாவது, வேலை செய்யும் இடத்தில் நடத்தை மாறியதா. நான்காவது, அதனால் என்ன விளைந்தது. மருத்துவக் கல்விக்கு வரும்போது பலர் இரண்டை 2அ (மனப்பான்மை), 2ஆ (அறிவு, திறன்) என்றும், நான்கை 4அ (நிறுவன நடைமுறை), 4ஆ (நோயாளிக்கான பலன்) என்றும் பிரித்துக்கொள்கிறார்கள். தீசிஸுக்கு இந்தப் பிரித்த வடிவமே வசதி.

என் திட்டத்தில் ஃபீட்பேக் படிவம், முன்னும் பின்னும் எம்.சி.க்யூ., கடைசியில் ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வின் ஒரு ஸ்டேஷன் இருந்தன. ஸ்டேஷனில் நோயாளியாக நடிக்கும் ஒருவருக்கு சி.ஆர்.ஆர்.ஐ. இன்ஹேலர் சொல்லிக்கொடுக்க வேண்டும். எட்டுப் படி செக்லிஸ்ட்டை வைத்து நாங்கள் மதிப்பெண் போடுவோம். கையால் செய்து காட்டுகிறார் அல்லவா, அதனால் இதை ‘நடத்தை’ என்று மூன்றாம் நிலையில் வைத்திருந்தேன். கமிட்டியில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார்: “ஸ்டேஷன்ல செஞ்சதை நீ பார்த்தே, சரி. ஓ.பி.யில செய்யறானான்னு யார் பார்த்தா?” அங்கேயே மாட்டிக்கொண்டேன். மருத்துவரின் திறனைப் படிகளாக அடுக்கி மில்லர் 1990-இல் சொன்ன பிரமிடிலும் ‘செய்து காட்டுகிறார்’ ஒரு படி, ‘செய்கிறார்’ அதற்கு மேலே தனிப் படி. பார்க்கிறார்கள் என்று தெரிந்து பரீட்சை அறையில் செய்வது 2ஆ. தீசிஸ்களில் நான் அதிகம் பார்க்கும் தவறும் இதுதான். கருவியின் பெயரைப் பார்த்து நிலையை முடிவு செய்யாதீர்கள். யாருடைய செயல், எந்த இடத்தில், யார் கேட்டு நடந்தது என்று பாருங்கள்.

அப்படியானால் ஓ.பி.யில் எப்படி அளப்பது? பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால், கவனிப்பதாலேயே ஒழுங்காகச் செய்வார்கள். அவர்களையே கேட்டால் ‘எப்போதும் சொல்லிக்கொடுக்கிறேன்’ என்பார்கள். ஓ.பி. சீட்டில் ‘டெக்னிக் சொல்லப்பட்டது’ என்று எழுதியிருப்பதை எண்ணலாம், ஆனால் அது எழுதினார்கள் என்பதற்குத்தான் சாட்சி. கடைசியில் பார்மசி கவுன்ட்டர் அருகே ஒருவரை உட்கார வைத்தோம். இன்ஹேலர் சீட்டோடு வருபவரிடம் ஒப்புதல் வாங்கி ஒரே ஒரு கேள்வி: “டாக்டர் உங்களை இழுத்துக் காட்டச் சொன்னாரா?” ‘சொல்லிக்கொடுத்தாரா’ என்று கேட்கவில்லை. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், டாக்டரைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. நோயாளியைச் செய்து காட்டச் சொல்வதுதான் எங்கள் வகுப்பின் மையம், அது நடந்ததா என்பது அவருக்கு நினைவிருக்கும். பிறகு மருந்தில்லாத ஒரு பயிற்சி இன்ஹேலரைக் கொடுத்து இழுத்துக் காட்டச் சொல்லி, அதே எட்டுப் படியைக் குறித்தோம். இழுப்பதற்கு முன் மூச்சை வெளியே விடுவதும், இழுத்தபின் பத்து வினாடி அடக்குவதும்தான் அடிக்கடி விடுபட்டவை.

கேள்வி கேட்டவருக்கு எந்த பேட்ச் வகுப்பு எடுத்தது என்று சொல்லவில்லை. ஒப்பீட்டுக்கு, வகுப்பு தொடங்கும் முன் வந்த பேட்ச்களை வைத்துக்கொண்டோம். அவர்களுக்கும் போஸ்டிங்கின் கடைசி நாளில் அதே வகுப்பை எடுத்தோம், எத்திக்ஸ் கமிட்டி அதைக் கேட்டது. ஒரே நேரத்தில் பாதிப் பேருக்கு மட்டும் எடுத்திருந்தால் இரவு ஹாஸ்டலிலேயே விஷயம் மற்றவர்களுக்குப் போய்விட்டிருக்கும்.

முதல் நிலை ஃபீட்பேக்கைப் பற்றி எழுத அதிகமில்லை. எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அதை வைத்து கற்றார்கள் என்று சொல்ல முடியாது. 2அ-வில்தான் வேடிக்கை. வகுப்புக்கு முன் ‘இன்ஹேலர் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நம்பிக்கை?’ என்றதற்கு ஐந்துக்கு நான்கு என்று பெரும்பாலோர் போட்டார்கள். வகுப்புக்குப் பின்னும் நான்குதான். வித்தியாசமே இல்லை என்று நான் தலையில் கை வைத்தேன். ஆனால் செக்லிஸ்ட் மதிப்பெண் நன்றாகவே ஏறியிருந்தது. தெரியாதது எவ்வளவு என்று வகுப்புக்கு முன் அவர்களுக்கே தெரியாது, வகுப்பு அவர்களுடைய அளவுகோலையே நகர்த்திவிட்டது. அடுத்த பேட்ச்களில் வகுப்பு முடிந்த பிறகு ‘இப்போது எவ்வளவு? இன்று காலை உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும்?’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டோம். காலைக்கான எண் சரிந்தது. இந்த முறைக்கும் சாய்வு உண்டு, வகுப்பெடுத்தவரைத் திருப்திப்படுத்தவும் காலை எண்ணைக் குறைத்துப் போடலாம். அதனால் எப்படிக் கேட்டோம் என்பதை முறையியலில் எழுதி, 2அ-வாகவே வைத்தேன்.

இனி மூன்றாம் நிலை முடிவு. ஆஸ்கியில் பிரமாதமாகச் செய்தவர்கள் ஓ.பி.யில் அநேகமாகச் செய்யவில்லை. வகுப்பு தோற்றது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். கைடுதான் ‘முதலில் அவர்களிடம் பேசு’ என்றார். சி.ஆர்.ஆர்.ஐ. ஒருவர் சொன்ன பதில்: “சார், டெமோ இன்ஹேலர் சிஸ்டர் பீரோவுல இருக்கு. சாவி வாங்கிட்டு வர்றதுக்குள்ள வெளியே பத்து பேர் நிப்பாங்க.” போய்ப் பார்த்தேன். ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிய பொருள் என்பதால் பத்திரமாகப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள்.

உடனே ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்துவிடக் கை பரபரத்தது. வைத்திருந்தால் மாற்றம் வகுப்பாலா, மேசையிலிருந்த இன்ஹேலராலா என்று பிரிக்கவே முடியாது. தரவு சேகரிப்பு முடியும் வரை பொறுத்தேன். நிலைகளை ஏணி மாதிரி, கீழ்ப்படி சரியானால் மேல்படி தானாக வரும் என்று படிப்பதில் உள்ள சிக்கல் இதுதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பணியிடம் நிற்கிறது, அதை அளக்க மதிப்பெண் போதாது. ஆறு பேரிடம் பேட்டி எடுத்துச் சேர்த்தபின்தான் என் மூன்றாம் நிலை அட்டவணைக்கே அர்த்தம் வந்தது.

புள்ளியியலில் ஒரு அடி வாங்கினேன். ஒரு சி.ஆர்.ஆர்.ஐ. பார்த்த ஐந்து நோயாளிகளை ஐந்து தனித்தனித் தரவாக எண்ணியிருந்தேன். ஐந்து பதிலும் ஒரே ஆளின் பழக்கத்தைச் சொல்பவை. அப்படியே கணக்கிட்டால் பி-மதிப்பு பொய்யாக அழகாக வரும். ஒவ்வொரு சி.ஆர்.ஆர்.ஐ.க்கும் ஒரு விகிதம் என்று சுருக்கி மறுபடி கணக்கிட்டோம். மாதிரி அளவைத் தீர்மானிக்கும்போதே இதை யோசித்திருந்தால் இரண்டு பேட்ச் கூடுதலாக எடுத்திருப்பேன்.

நோயாளி இழுத்துக் காட்டியதை நான்காம் நிலை என்று போடலாமா என்று கைடுக்கும் எனக்கும் நாள் கணக்கில் வாக்குவாதம். டெக்னிக் சரியாக இருப்பதும் மூச்சுத் திணறல் குறைவதும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி. இரண்டாவதை என் தீசிஸ் காலத்துக்குள் காட்ட முடியாது. மழைக்காலம் வந்தாலும் மருந்து ஸ்டாக் தீர்ந்தாலும் அந்த எண் ஆடிவிடும். கடைசியில் ‘4ஆ, இடைநிலை அளவீடு’ என்று எழுதி, எட்டுப் படிச் செக்லிஸ்ட்டைப் பின்னிணைப்பில் வைத்தோம். வைவாவில் எக்ஸ்டர்னல் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார். கேட்டது ஒன்றே ஒன்று: “இப்போ அந்த இன்ஹேலர் எங்கே இருக்கு?” மேசை மேல், நூலில் கட்டி, என்றேன்.