வாட்ச் அடிக்கவில்லையே!

"வாட்ச் ஒண்ணும் அடிக்கலையே சார், அப்ப ஓட்டலாம்ல?"

விடிகாலை மூன்று மணி, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு டீக்கடை. கேட்டவர் சென்னையிலிருந்து மதுரைக்குக் காரோட்டிப் போகிறவர். தூக்கம் வந்தால் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச் எச்சரிக்கும் என்று நம்பியிருந்தார். அதில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 56 என்று காட்டியது. கண் சிவந்திருந்தது.

ஆப்பிள் வாட்சை எடுத்துக்கொண்டால், நாடித்துடிப்பு 40-க்குக் கீழே போய், நாம் அசையாமல் இருந்து, பத்து நிமிடம் அப்படியே நீடித்தால்தான் எச்சரிக்கும். அளவை நாமே 50 வரை மாற்றலாம். ஆனால் தூக்கம் சொக்கும்போது துடிப்பு 70-லிருந்து 56-க்கு இறங்கினால் வாட்சுக்கு அது இயல்புதான். நிம்மதியாகப் பாட்டுக் கேட்டாலும் கொஞ்சம் இறங்கும்.

கண் அசருவதோ மூன்று, நான்கு விநாடி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடிக்குள் கார் நூற்றுப்பத்து மீட்டர் ஓடிவிடும்.

கடைசியாகத் தாண்டிய ஊர் நினைவில்லை, வண்டி சாலைக் கோட்டைத் தாண்டி விலகுகிறது என்றால் அதுதான் அலாரம். டீ வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகலாம். குடித்துவிட்டு சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கலாம்.

விழித்திருக்கும்போதே 40-க்குக் கீழே இறங்கி தலையும் சுற்றினால், அது தூக்கமில்லை. அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.